விற்பனைக்கென வைத்திருக்கும் சொத்து

விற்பனைக்கென வைத்திருக்கும் சொத்து என்பது கணக்கியலில் வழங்கும் ஒரு வகைப்பாடு. ஒரு நிறுவனம் இதுவரை தொழிலில் பயன்படுத்தி வந்த நீண்டகாலச் சொத்தை விற்றுப் பணமாக்க உறுதியாக முடிவெடுத்தால், அச்சொத்து இவ்வகைக்கு மாற்றப்படுகிறது. மாற்றும்போது சொத்தின் ஏட்டு மதிப்பு ஒருபுறமும், அதன் நியாய மதிப்பிலிருந்து விற்பனைச் செலவுகளைக் கழித்த தொகை மறுபுறமும் ஒப்பிடப்படுகின்றன. இரண்டில் எது குறைவோ அத்தொகையில்தான் சொத்து ஏடுகளில் நிற்க வேண்டும். ஏட்டு மதிப்பு கூடுதலாக இருந்தால் அந்த வேறுபாடு உடனே இழப்பாக எழுதப்படும். அந்நாள் முதல் தேய்மானமும் நிறுத்தப்படும்.

இதற்கான விதிகள் பன்னாட்டு நிதி அறிக்கையிடல் தரநிலை 5-இல் உள்ளன. 2004-ஆம் ஆண்டு வெளியான இத்தரநிலை 2005 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் இதற்கு இணையானது இந்தியக் கணக்கியல் தரநிலை 105. இலங்கையில் இலங்கை நிதி அறிக்கையிடல் தரநிலை 5 இதே விதிகளைக் கொண்டுள்ளது.

அடிப்படைக் கருத்து

ஒரு நிறுவனம் இயந்திரம் வாங்குவது அதை வைத்துப் பொருள் செய்து, பல ஆண்டுகளில் போட்ட பணத்தைத் திரும்பப் பெறுவதற்காக. ஆகவே அதன் அடக்கவிலையைப் பயன்படும் ஆண்டுகளுக்குப் பகிர்ந்து, ஆண்டுதோறும் ஒரு பகுதியைத் தேய்மானமாக எழுதுகிறோம். இடையில் சந்தையில் அந்த இயந்திரத்தின் விலை ஏறினாலும் இறங்கினாலும் நிறுவனம் அதைப் பொருட்படுத்துவதில்லை. அதை விற்கும் எண்ணமே இல்லாதபோது சந்தை விலை அதற்கு நேரடியாகத் தேவைப்படாது.

விற்க முடிவு செய்தவுடன் நிலைமை மாறுகிறது. இனி அந்த இயந்திரத்திலிருந்து வரப்போகும் பணம் பெரும்பாலும் வாங்குபவர் கொடுக்கும் விலைதான். எனவே ஏட்டிலுள்ள தொகையும் அந்த விலையோடு ஒத்துப்போக வேண்டும். விற்று முடியும்வரை காத்திருந்து அப்போது நட்டத்தைக் காட்டலாம் என்பதைத் தரநிலை ஏற்பதில்லை. இழப்பு உறுதியாகத் தெரியும் நாளிலேயே அதை எழுதிவிட வேண்டும்.

வகை மாற்ற நிபந்தனைகள்

"விற்கலாம் என்று நினைக்கிறோம்" என்பது மட்டும் போதாது. இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்.

முதலாவது, சொத்து இன்றுள்ள நிலையிலேயே உடனடியாக விற்கத் தக்கதாக இருக்க வேண்டும். வழக்கமான விற்பனை நடைமுறைகளுக்குத் தேவைப்படும் காலதாமதம் இதற்குத் தடையாகாது. ஆனால், "கையிலுள்ள அச்சு வேலைகளை முடித்த பிறகுதான் இயந்திரத்தைக் கொடுப்போம்" என்று ஓர் அச்சகம் சொன்னால், அவ்வேலைகள் முடியும்வரை அந்த இயந்திரம் இவ்வகைக்கு வராது.

இரண்டாவது, விற்பனை நடப்பதற்கான வாய்ப்பு மிக அதிகமாக இருக்க வேண்டும். இதைப் பின்வருவனவற்றைக் கொண்டு முடிவு செய்கிறார்கள்:

- முடிவெடுக்கும் அதிகாரமுள்ள நிருவாகம் விற்பனைத் திட்டத்துக்குத் தன்னை உட்படுத்திக் கொண்டிருக்க வேண்டும்.
- வாங்குபவரைத் தேடும் வேலை உண்மையிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.
- கேட்கும் விலை சந்தை மதிப்புக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும்.
- வகை மாற்றிய நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் விற்பனை முடியும் என எதிர்பார்க்க வேண்டும்.
- திட்டம் பெரிதாக மாறவோ கைவிடப்படவோ வாய்ப்பு குறைவாக இருக்க வேண்டும்.

ஓர் ஆண்டு என்ற வரம்புக்கு ஒரு விலக்கு உண்டு. நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் தாமதம் ஏற்பட்டு, விற்கும் உறுதியில் நிறுவனம் தளராதிருந்தால், ஆண்டு கடந்தும் அந்த வகைப்பாடு தொடரலாம். விலையைக் குறைக்க மனமின்றிக் காத்திருப்பது இவ்விலக்கில் சேராது.

பயன்பாடு முடியும்வரை ஓட்டிவிட்டுப் பிறகு கழித்துக் கட்டப்போகும் சொத்தும் இவ்வகையில் வராது. அதன் மதிப்பு முக்கியமாகப் பயன்பாட்டின் வழியாகவே மீட்கப்படுகிறது. ஆகவே அதற்குத் தேய்மானம் வழக்கம்போல் தொடரும்.

ஓர் எடுத்துக்காட்டு

கீழே உள்ளது விளக்கத்துக்காக அமைத்த கணக்கு. ஓர் அச்சக நிறுவனம் 2020 ஏப்ரல் 1 அன்று 80 இலட்சம் ரூபாய்க்கு ஓர் அச்சு இயந்திரம் வாங்கியது. ஆயுள் 10 ஆண்டுகள். இறுதி மதிப்பு இல்லை. நேர்க்கோட்டு முறையில் தேய்மானம். ஆகவே ஆண்டுத் தேய்மானம் 8 இலட்சம்.

2024 அக்டோபர் 1 அன்று இயக்குநர் குழு அந்த இயந்திரத்தை விற்க முடிவு செய்து, ஒரு தரகரையும் அமர்த்தியது. மேற்சொன்ன நிபந்தனைகள் எல்லாம் அன்று நிறைவேறின. கணக்கர் செய்ய வேண்டிய பணி மூன்று படிகளில் அமையும்.

*முதற்படி:* அந்நாள்வரை பழைய முறையிலேயே கணக்கை முடிக்க வேண்டும். நாலரை ஆண்டுத் தேய்மானம் 36 இலட்சம். ஆகவே ஏட்டு மதிப்பு 80 − 36 = 44 இலட்சம். நடப்பாண்டின் முதல் ஆறு மாதத் தேய்மானமான 4 இலட்சமும் இந்த 36 இலட்சத்தில் அடங்கியுள்ளது. இதை எழுதாமல் விட்டுவிட்டு 48 இலட்சத்திலிருந்து தொடங்குவது மாணவர்கள் தேர்வுகளில் அடிக்கடி செய்யும் பிழை.

*இரண்டாம்படி:* எதிர்ப்பக்கத் தொகையைக் காண வேண்டும். சந்தையில் இத்தகைய பழைய இயந்திரத்துக்குக் கிடைக்கக்கூடிய நியாய மதிப்பு 38 இலட்சம். தரகு 1,50,000 ரூபாயும், இயந்திரத்தைக் கழற்றும் கூலி 50,000 ரூபாயும் ஆகும். விற்பதால் மட்டுமே கூடுதலாக ஏற்படும் இத்தகைய நேரடிச் செலவுகளே விற்பனைச் செலவுகள். கடன் வட்டியும் வருமான வரியும் இதில் சேரா. மேலாளரின் சம்பளமும் சேராது. விற்றாலும் விற்காவிட்டாலும் அதைக் கொடுத்தாக வேண்டும் அல்லவா? ஆகவே விற்பனைச் செலவு போக நியாய மதிப்பு 36 இலட்சம்.

*மூன்றாம்படி:* 44 இலட்சத்தையும் 36 இலட்சத்தையும் ஒப்பிட்டால் குறைவானது 36 இலட்சம். வேறுபாடான 8 இலட்சம் இழப்பு. குறிப்பேட்டுப் பதிவு இவ்வாறு அமையும்:

விற்பனைக்கென வைத்திருக்கும் சொத்து க/கு — பற்று 36,00,000
திரண்ட தேய்மானம் க/கு — பற்று 36,00,000
மதிப்பிறக்க இழப்பு க/கு — பற்று 8,00,000
அச்சு இயந்திரம் க/கு — வரவு 80,00,000

பற்றில் 36 இலட்சம் இருமுறை வருவது இக்கணக்கின் எண்கள் அப்படி அமைந்ததால்தான். முதலாவது சொத்தின் புதிய மதிப்பு. இரண்டாவது இதுவரை சேர்ந்த தேய்மானம்.

எதிர்ப்பக்கத் தொகை ஏட்டு மதிப்பைவிடக் கூடுதலாக, எடுத்துக்காட்டாக 50 இலட்சமாக, இருந்தால் என்ன செய்வது? இயந்திரம் 44 இலட்சத்திலேயே நிற்கும். எதிர்பார்க்கும் 6 இலட்ச இலாபத்தை விற்று முடித்த பிறகுதான் காட்டலாம். இழப்பை முன்னதாகவே எழுது, இலாபத்துக்குக் காத்திரு என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையின் சாயலை இதில் காணலாம்.

அந்த இழப்பு அதுவரை எங்கே இருந்தது?

2024 செப்டம்பர் 30 அன்று நல்ல நிலையில் இருந்த சொத்து மறுநாளே எப்படி 8 இலட்சம் இழந்தது என்ற ஐயம் எழலாம். இயந்திரம் ஒரே இரவில் கெட்டுவிடவில்லை. அதை நாம் பார்க்கும் விதம்தான் மாறியிருக்கிறது.

பயன்பாட்டில் இருக்கும்போது ஓர் இயந்திரம் தனியாகப் பணம் ஈட்டுவதில்லை. தாள் வெட்டும் கருவி, கட்டடம், பணியாளர்கள் என எல்லாம் சேர்ந்த அச்சகம்தான் பணம் ஈட்டுகிறது. ஆகவே மதிப்பிறக்கம் உண்டா என்று சோதிக்கும்போது அச்சகம் முழுவதையும் ஓர் அலகாக எடுத்துப் பார்ப்பார்கள். அலகு நன்றாகச் சம்பாதித்தால், அதற்குள் இருக்கும் ஓர் இயந்திரத்தின் சந்தை விலை குறைந்திருப்பது வெளியே தெரியாது. விற்பனை முடிவு அந்த இயந்திரத்தைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியே நிறுத்துகிறது. அதுவரை மறைந்திருந்த குறை அப்போது வெளிப்படுகிறது.

வகை மாற்றுவதற்குச் சற்று முன்பு, சொத்தை அதற்குரிய வழக்கமான தரநிலைகளின்படி ஒருமுறை மதிப்பிட வேண்டும் என்ற விதியும் உண்டு. விற்க முடிவெடுப்பதே மதிப்பிறக்கத்துக்கான ஓர் அறிகுறி என்பதால், இழப்பின் ஒரு பகுதியோ முழுவதுமோ அந்தச் சோதனையிலேயே தெரியவரலாம். அப்படித் தெரிந்தால் அதை மதிப்பிறக்கத் தரநிலையான 36-இன்படி முதலில் எழுதி, எஞ்சியதை 105-இன்படி எழுதுவர். நம் எடுத்துக்காட்டில் இரண்டையும் கூட்டினால் அதே 8 இலட்சம்தான் வரும்.

தேய்மானம் நிற்பதன் காரணம்

வகை மாற்றிய பின்னும் வாங்குபவர் வரும்வரை இயந்திரம் சில வேளைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆயினும் தேய்மானம் எழுதுவதில்லை. தேய்மானம் என்பது அடக்கவிலையைப் பயன்பாட்டுக் காலத்துக்குப் பகிர்வது. இங்கே சொத்தின் மதிப்பு விற்பனை வழியாக மீட்கப்படுவதால், பகிர வேண்டிய காலம் என்று ஒன்று இல்லை. தேய்மானத்துக்குப் பதிலாக ஒவ்வோர் அறிக்கை நாளிலும் நியாய மதிப்பை மீண்டும் பார்க்கிறோம். உழைத்துத் தேய்ந்திருந்தால் அது விலைக் குறைவாகத் தானே தெரிந்துவிடும்.

இந்த விதி தவறாகப் பயன்படவும் கூடும். சந்தை விலை ஏட்டு மதிப்பைவிட அதிகமாக உள்ள ஒரு சொத்தை, விற்கும் உறுதியான எண்ணம் இல்லாமலே ஒரு நிறுவனம் இவ்வகைக்கு மாற்றினால் இழப்பும் வராது, தேய்மானமும் வராது. நம் அச்சகத்தைப் போன்ற நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 8 இலட்சம் செலவு குறைந்து, இலாபம் அந்த அளவு கூடுதலாகத் தெரியும். தணிக்கையாளர்கள் இயக்குநர் குழுத் தீர்மானம், தரகரோடு நடந்த கடிதப் போக்குவரத்து, விலைப்புள்ளிகள் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது இதனால்தான்.

பின்னர் மதிப்பு மாறினால்

2025 மார்ச் 31 அன்று அச்சக நிறுவனத்தின் ஆண்டு முடிகிறது. இயந்திரம் இன்னும் விற்கவில்லை. விற்பனைச் செலவு போக நியாய மதிப்பு 34 இலட்சமாகக் குறைந்திருந்தால் மேலும் 2 இலட்சம் இழப்பு எழுத வேண்டும். மாறாக அது 37,50,000 ஆக உயர்ந்திருந்தால் 1,50,000 ரூபாயை ஆதாயமாக எழுதலாம். ஆனால், இப்படித் திரும்பப் பெறும் ஆதாயம் முன்பு எழுதிய மொத்த மதிப்பிறக்க இழப்பான 8 இலட்சத்தைத் தாண்டக் கூடாது. அதாவது எந்நிலையிலும் இயந்திரம் 44 இலட்சத்துக்கு மேல் ஏறாது.

37,50,000 ரூபாயில் நிற்கும் அந்த இயந்திரம் 2025 சூன் மாதம் 40 இலட்சத்துக்கு விற்று, 2 இலட்சம் செலவானதாகக் கொள்வோம். கைக்கு வந்தது 38 இலட்சம். விற்பனை நாளன்று காட்ட வேண்டிய ஆதாயம் 50,000 ரூபாய் மட்டுமே. பெரிய இழப்பு முன்பே ஏடுகளில் எழுதப்பட்டுவிட்டதால் விற்பனை நாள் அமைதியாகக் கடந்து செல்கிறது.

விற்பனை நடக்காவிட்டால்

அதே இயந்திரம் விற்கவில்லை. 2025 அக்டோபர் 1 அன்று நிறுவனம் மனம் மாறி அதைத் தானே பயன்படுத்த முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது இரண்டு தொகைகளில் குறைவானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று, வகையே மாற்றாதிருந்தால் இன்று இருந்திருக்கக்கூடிய ஏட்டு மதிப்பு. மற்றொன்று, இன்றைய மீட்கத்தக்க தொகை.

முதல் தொகை 44 இலட்சத்திலிருந்து ஓர் ஆண்டுத் தேய்மானம் 8 இலட்சத்தைக் கழித்தால் வரும் 36 இலட்சம். மீட்கத்தக்க தொகை 39 இலட்சம் எனக் கொண்டால் குறைவானது 36 இலட்சம். ஏட்டில் இப்போது இருப்பது 37,50,000. ஆகவே 1,50,000 ரூபாயை இலாபநட்டக் கணக்கில் செலவாக எழுத வேண்டும். எஞ்சிய ஆயுள் நாலரை ஆண்டு. ஆண்டுத் தேய்மானம் மீண்டும் 8 இலட்சம். விற்பனைப் பேச்சே எழாதிருந்தால் கணக்கு எங்கே இருந்திருக்குமோ அங்கேயே வந்து நிற்கிறது. தேய்மானத்தை நிறுத்தியதால் கிடைத்த எந்தச் சலுகையும் நிலைப்பதில்லை.

நடைமுறையில்: பிரான்சில் எச்.எஸ்.பி.சி. வங்கி

இவ்விதிகள் பெரிய அளவில் செயல்படுவதை எச்.எஸ்.பி.சி. வங்கிக் குழுமத்தின் கணக்குகளில் காணலாம். இக்குழுமம் பிரான்சில் நடத்தி வந்த சில்லறை வங்கித் தொழிலை மை மணி குழுமத்துக்கு விற்கும் முடிவை 2021-இல் அறிவித்தது. விலை பெயரளவுக்கு 1 யூரோ மட்டுமே. இங்கே விற்கப்படுவது தனியொரு சொத்து அன்று. கடன்கள், வைப்புகள் எனச் சொத்துகளும் பொறுப்புகளும் சேர்ந்த ஒரு தொகுதி. இத்தகைய தொகுதிக்கும் அடிப்படை விதி ஒன்றுதான்.

அறிவித்தவுடன் வகை மாற்றம் செய்யப்படவில்லை. விற்பனை ஓர் ஆண்டுக்குள் முடியும் என்று கருதக்கூடிய நிலை 2022 செப்டம்பர் 30 அன்றுதான் வந்தது. அந்தக் காலாண்டில் தொகுதி வகை மாற்றப்பட்டு, ஏறத்தாழ 240 கோடி அமெரிக்க டாலர் இழப்பு எழுதப்பட்டது.

பிறகு பிரான்சில் வட்டி விகிதம் வேகமாக உயர்ந்தது. தொழிலை ஏற்கும்போது வாங்குபவருக்குத் தேவைப்படும் மூலதனம் அதனால் கூடியது. விற்பனை முடியுமா என்பது உறுதியற்றுப் போனது. "வாய்ப்பு மிக அதிகம்" என்ற நிபந்தனை தவறியதால் 2023-இன் முதல் காலாண்டில் தொகுதி பழைய வகைக்கே திரும்பியது. ஏறத்தாழ 210 கோடி டாலர் இழப்பு நீக்கப்பட்டு, அக்காலாண்டின் இலாபத்தில் சேர்ந்தது. நிபந்தனைகள் திருத்தப்பட்டு விற்பனை மீண்டும் உறுதியானபோது, அதே ஆண்டின் கடைசிக் காலாண்டில் மறுபடியும் வகை மாற்றி ஏறத்தாழ 200 கோடி டாலர் இழப்பு எழுதினார்கள். விற்பனை 2024 சனவரி 1 அன்று முடிந்தது.

ஒரே தொழில், ஒரே வாங்குபவர். ஆனால் இழப்பு, மீட்பு, மீண்டும் இழப்பு என மூன்று பெரிய பதிவுகள். 2023-இன் முதல் காலாண்டு இலாபத்தை மட்டும் பார்த்த ஒருவர் வங்கி அந்த அளவுக்குக் கூடுதலாகச் சம்பாதித்ததாக எண்ணியிருக்கலாம். உண்மையில் அந்த 210 கோடி டாலர் வாடிக்கையாளரிடமிருந்து வந்ததன்று. வகைப்பாடு மாறியதால் வந்தது.

இருப்புநிலைக் குறிப்பில் காட்டும் முறை

இச்சொத்துகளை மற்றச் சொத்துகளோடு கலக்காமல் இருப்புநிலைக் குறிப்பில் தனி வரியாகக் காட்ட வேண்டும். தொகுதியாக விற்கும்போது அதைச் சேர்ந்த பொறுப்புகளையும் தனியே காட்ட வேண்டும். சொத்திலிருந்து பொறுப்பைக் கழித்து நிகரத் தொகையாகக் காட்டக் கூடாது. முந்தைய ஆண்டின் இருப்புநிலைக் குறிப்பைத் திருத்துவதில்லை. நிபந்தனைகள் ஆண்டு முடிவுக்குப் பின்னர் நிறைவேறியிருந்தால், முடிந்த ஆண்டின் கணக்கில் வகை மாற்றக் கூடாது. குறிப்பாக மட்டும் தெரிவிக்க வேண்டும்.

ஓர் ஆண்டறிக்கையில் இந்த வரியைக் காணும்போது அதே சொத்து முந்தைய ஆண்டறிக்கையிலும் இதே வரியில் இருந்ததா என்று பார்ப்பது நல்லது. இருந்திருந்தால், ஓராண்டுக்குள் ஏன் விற்கவில்லை என்பதற்கான காரணத்தைக் குறிப்புகளில் தேட வேண்டும். காரணம் நிறுவனத்தின் கைக்கு மீறியதாக இல்லையென்றால், அந்தச் சொத்து அங்கே இருப்பதும், அதற்குத் தேய்மானம் எழுதாமல் விட்டதும் கேள்விக்குரியவை.